கன்றில் பூத்த பூவைக் கிள்ளலாமா? ஒரு பொன்மொழியைச் சோதித்துப் பார்ப்பது

*"எங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு நானே ஒரு பொன்மொழி எழுதினேன்: 'முதல் பூவைக் கிள்ளத் தெரிந்தவனுக்கே முழு மரமும் காய்க்கும்.' கிருஷ்ணகிரிக்காரி என்பதால் மாமரத்தை எடுத்துக்கொண்டேன். படித்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். கணக்கு ஆசிரியர் மட்டும் 'பூவைக் கிள்ளினால் காய் எப்படி வரும்?' என்று கேட்டுச் சிரித்துவிட்டார். இந்த வரி தேறுமா தேறாதா என்று எப்படிப் பார்ப்பது?"*

கணக்கு ஆசிரியர் விளையாட்டாகக் கேட்டிருந்தாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். நீங்கள் எடுத்துக்கொண்ட தோப்பு விஷயம் உண்மை. ஆனால் அந்த உண்மையில் பாதி உங்கள் வரிக்குள் வராமல் வெளியிலேயே நின்றுவிட்டது. அதனால் விவரம் தெரிந்தவர்களுக்கு அது அறிவுரையாகப் படுகிறது, தெரியாதவர்களுக்குப் புதிராகப் படுகிறது.

முதலில் தோப்புக்குப் போவோம். உவமையை எங்கிருந்து எடுக்கிறோமோ அந்த இடத்தில் நிஜமாக என்ன நடக்கிறது என்று தெரியாமல் மேலே எதையும் கட்ட முடியாது. சந்தூர் பக்கம் நாற்றுப் பண்ணைகளில் விற்பது ஒட்டுக்கன்று. கொட்டை போட்டு முளைத்த வேர்ச்செடியின் தலையை வெட்டி, காய்த்துக்கொண்டிருக்கும் தாய்மரத்தின் குச்சி ஒன்றைச் செருகிக் கட்டுகிறார்கள். அந்தக் கன்று நட்ட அடுத்த வருஷமே, சில சமயம் பைக்குள் இருக்கும்போதே, பூ எடுத்துவிடும். இடுப்பு உயரம்கூட இருக்காது, உச்சியில் ஒரு பூங்கொத்து நிற்கும். வாங்கி நட்டவருக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தோப்பு வைத்தவர்கள் முதல் இரண்டு மூன்று வருஷம் அந்தப் பூங்கொத்தைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். ஏன் என்று பண்ணையில் கேட்டால், "பூவை விட்டா செடி குன்னிப் போயிடுங்க" என்பார்கள். இலை சமைக்கிற உணவு ஒரே கையிருப்பு. பிஞ்சு பிடித்துவிட்டால் அது அங்கே போகும். கொம்பு நீளாது, அடித்தண்டு பருக்காது. பூவை எடுத்துவிட்டால் அதே உணவு கிளைக்கும் வேருக்கும் போகிறது.

கவனியுங்கள், இதெல்லாம் கன்றைப் பற்றிய விஷயம். உங்கள் வரியில் கன்று எங்கேயும் இல்லை. "முதல் பூ" இருக்கிறது, "முழு மரம்" இருக்கிறது. கேட்பவர் மனதில் வருவது தை மாதத்தில் பூத்துக் குலுங்கும் பெரிய மரம். அந்தப் பூவைக் கிள்ளினால் சித்திரை, வைகாசியில் காய் கிடைக்காது. கணக்கு ஆசிரியர் சிரித்தது அதற்குத்தான்.

இனி சோதனை. முதலில் உவமையைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் கருத்தை மொட்டையாக எழுதிப் பார்க்க வேண்டும். உங்கள் வரி இப்படி வரும்: "ஆரம்பத்தில் வரும் பலனை வேண்டாம் என்று விட்டவருக்கு மட்டுமே பிற்காலத்தில் பெரிய பலன் கிடைக்கும்." பூவும் மரமும் போனதும் இது எவ்வளவு பெரிய உரிமை கோரல் என்று தெரிகிறது, இல்லையா? இதை யாராவது மேடையில் நேராகச் சொன்னால் நாலு பேராவது எழுந்து "அப்படியா, யார் சொன்னது?" என்று கேட்பார்கள். மாமரத்தோடு சேர்த்துச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. அழகான உவமை செய்கிற முதல் கெடுதல் இதுதான்: கேள்வி வர வேண்டிய இடத்தில் தலையாட்டலை வரவழைத்துவிடும்.

அந்த "மட்டுமே" எங்கிருந்து வந்தது? "தெரிந்தவனுக்கே" என்பதில் உள்ள ஏகாரத்திலிருந்து. பொன்மொழி எழுதும் கை தானாகவே ஒரு ஏகாரத்தைப் போட்டுவிடும், ஓசைக்கு அது சுகமாக இருக்கும். ஆனால் அது போடுகிற நிபந்தனை பெரிது. கிள்ளாதவனுக்குக் காய்க்காது என்று சொல்வதாகிவிடுகிறது. தோப்பில் அப்படியா? பூவைக் கிள்ளாமல் விட்ட கன்றுகளும் பிழைத்து மரமாகிக் காய்த்திருக்கின்றன. சின்னக் கன்றில் பிடித்த பூவில் பெரும்பகுதி தானாகவே உதிர்ந்துவிடும், மீதியைத் தத்துப்பூச்சி பார்த்துக்கொள்ளும். கிள்ளாமல் விட்டால் வளர்ச்சி பின்தங்கும், அவ்வளவுதான். காய்ப்பே இல்லாமல் போகாது.

சரி, ஏகாரத்தை எடுத்துவிட்டு "முதல் பூவைக் கிள்ளினவனுக்கு முழு மரமும் காய்க்கும்" என்று வைத்தால்? இப்போது வேறொரு தவறு. கிள்ளினால் போதும், காய்த்துவிடும் என்கிறது. கிள்ளிவிட்டு வெயில் காலத்தில் தண்ணீர் காட்டாமல் விட்டால் கன்று காய்ந்துபோகும். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் துளிரை ஒடிக்காமல் விட்டால் அதுவே தலையெடுத்து மேலே உள்ள நல்ல ரகத்தை அமுக்கிவிடும். ஆக, கிள்ளுவது மட்டும் போதாது, கிள்ளுவதே கட்டாயமும் இல்லை. "இது இருந்தால்தான் நடக்கும்" என்பதும் "இது இருந்தாலே நடக்கும்" என்பதும் வேறு வேறு. உங்கள் வரி எதைச் சொல்கிறது என்று முடிவு செய்யாமலே இரண்டையும் சொல்வது போல ஒலிக்கிறது.

நல்ல பழமொழிகளையே நாம் இப்படிப் புரட்டிக் கெடுப்பதுண்டு. "காய்த்த மரம் கல்லடி படும்" என்றால், காய் இருக்கிற மரத்துக்குக் கல் வரும் என்பது. ஊரில் நாலு பேர் திட்டிவிட்டால், "கல்லடி படுதுன்னா நான் காய்த்த மரம்" என்று ஒருவர் நிமிர்ந்துகொள்வார். கல் வேறு காரணத்துக்கும் வரலாம். மேலே குளவிக்கூடு இருந்தாலும் பையன்கள் எறிவார்கள். பழமொழி அப்படியே சரி, அதைத் திருப்பிப் போட்டதுதான் தப்பு. நீங்கள் எழுதிய வரியையும் இப்படித் திருப்பிப் போட்டு ஒரு முறை படித்துவிடுங்கள். படிப்பவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அதே உவமையை வைத்து நேர் எதிரான கருத்தைச் சொல்லிப் பாருங்கள். "பூக்கும்போது கிள்ளினவன் காய்க்கும்போது கை பிசைவான்." இதுவும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! இதையும் மலரில் போட்டால் இதற்கும் தலையாட்டுவார்கள். எதிரும் புதிருமான இரண்டும் ஒரே மரத்திலிருந்து, ஒரே அழகோடு வருகிறது என்றால், அந்த அழகு எதற்கும் சாட்சி இல்லை என்று ஆகிறது. ஆனாலும் இரண்டு வரியையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. முன்னது கன்றுக்குப் பொருந்தும், பின்னது காய்ப்புக்கு வந்த மரத்துக்குப் பொருந்தும். எந்த நிலையில் எது சரி என்கிற அந்த நிபந்தனைதான் உங்களுக்கு வேண்டிய சரக்கு. அது வரிக்குள் வந்துவிட்டால் எதிர்வரி கட்டுவது கஷ்டமாகிவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். தொல்காப்பியம் உவமை தோன்றும் வழியை வினை, பயன், மெய், உரு என்று நான்காகச் சொல்கிறது. செயல், அதனால் வரும் விளைவு, வடிவம், நிறம். வர்ணனைக்கு வடிவமும் நிறமும் போதும். அறிவுரை சொல்லும் வரிக்கு அது போதாது, வினையும் பயனும் இரண்டு பக்கமும் ஒத்து வர வேண்டும். அதே நூல் முதுமொழியைப் பற்றிப் பேசும்போது, குறித்த பொருளை முடிப்பதற்கு வருகிற "ஏது நுதலிய முதுமொழி" என்கிறது. ஏது என்றால் காரணம். உள்ளே ஒரு காரணத்தைச் சுட்டினால்தான் அது முதுமொழி. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி: மாங்கன்றில் பூவைக் கிள்ளுவது எந்தக் காரணத்தால் பலிக்கிறதோ, அந்தக் காரணம் மனிதர் பக்கமும் இருக்கிறதா?

மாங்கன்றில் காரணம் என்ன என்று பார்த்தோம். கையிருப்பு ஒன்று, அதைக் கேட்கிறவர்கள் இரண்டு பேர், காயும் கொம்பும். ஒருவருக்குப் போனால் மற்றவருக்கு இல்லை. இதே அமைப்பு மனிதர் வாழ்க்கையில் எங்கே இருக்கிறது?

கிருஷ்ணகிரி பேருந்து நிலையம் பக்கம் ஒருவர் புதிதாகப் பரோட்டாக் கடை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் செலவும் போக மாதம் 15,000 ரூபாய் மிஞ்சுகிறது. அதைப் பார்த்ததும் மாதம் 6,000 ரூபாய் தவணையில் ஒரு வண்டி எடுத்துவிடுகிறார். மீதி 9,000. இரண்டாவது கல் வாங்குவதும், மொத்தமாக மைதா இறக்குவதும், இன்னொரு ஆளைப் போடுவதும் அதற்குள்ளேதான் நடந்தாக வேண்டும். இங்கே கல்லாப்பெட்டி ஒன்று, கேட்கிறவை இரண்டு. எடுத்துச் செலவழித்த பணம் கடைக்குள் திரும்பாது. கன்றின் காரணம் அப்படியே பொருந்துகிறது. உங்கள் உவமை இங்கே நிற்கும்.

இப்போது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்குகிறாள். இதுவும் முதல் பூதான். இதைக் கிள்ளினால், அதாவது பரிசு வேண்டாம் என்றோ போட்டிக்கே போகாதே என்றோ சொன்னால், எந்தக் கொம்பு வளரும்? பரிசு வாங்கியதால் அவளிடம் எதுவும் தீர்ந்துபோகவில்லை. இன்னும் சொல்லப்போனால் அந்தப் பரிசுதான் அடுத்த போட்டிக்கு அவளைப் படிக்க வைக்கிறது. மாங்கன்றில் காய் வளர்ச்சியைத் தின்கிறது. இவளுக்குப் பரிசு வளர்ச்சிக்குத் தீனி போடுகிறது. காரணம் தலைகீழாகிவிட்டது. வெளியே பார்க்க இரண்டும் பூதான், அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

இங்கே இன்னொரு சங்கடமும் இருக்கிறது, ஆண்டு மலர் என்பதால் சொல்கிறேன். தோப்பில் பூவைக் கிள்ளுவது யார்? விவசாயி. கிள்ளப்படுவது கன்று. பின்னால் காயைப் பறித்துக் கூடையில் போடுவதும் விவசாயிதான், கன்றுக்கு அதில் ஒன்றும் இல்லை. உங்கள் மலரைப் படிக்கப் போகிற மாணவர்கள் இந்த உவமையில் எங்கே நிற்கிறார்கள்? "தெரிந்தவன்" என்று நீங்கள் மாணவரை நினைத்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் படத்துக்குள் மாணவர் கன்றாக நிற்கிறார், கிள்ளுகிற கை அப்பா அம்மாவுடையது. "பத்தாம் வகுப்பு வந்தாச்சு, கபடியெல்லாம் போதும்" என்று பிள்ளையை மைதானத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகிற பெற்றோருக்கு உங்கள் வரி நல்ல ஆதாரமாகிவிடும். நீங்கள் அதை நினைத்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் வரி அதற்கு இடம் கொடுக்கிறது. உவமையில் யார் யார் எந்தப் பாத்திரம் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

சரி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு வரியைத் திரும்பக் கட்டுவோம். கன்று உள்ளே வர வேண்டும். ஏகாரம் போக வேண்டும். கிள்ளு என்ற கட்டளையும் போக வேண்டும், ஏனென்றால் அதுதான் பாத்திரக் குழப்பத்தைக் கொண்டுவந்தது. எந்த நிலையில் எது என்ற நிபந்தனை தெரிய வேண்டும். காரணம், அதாவது சுமை என்பது, சுட்டப்பட வேண்டும். நான் கட்டியது இது:

கன்றில் காய் பாரம். மரத்தில் காய் பலன்.

முதலில் "கன்றில் காய்த்தால் கொம்பு வளராது" என்றுதான் எழுதிப் பார்த்தேன். உண்மைதான், ஆனால் அது வேளாண்மைத் துண்டுப்பிரசுரத்து வாக்கியம் மாதிரி இருக்கிறது. மரத்தையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியதும்தான் ஒரே காய் இரண்டு இடத்தில் இரண்டாக இருப்பது தெரிந்தது. பாரம், பலன் என்ற மோனை கடைசியில் வந்து சேர்ந்தது. மோனையை முதலில் தேடாதீர்கள். ஓசை சீக்கிரம் அமைந்துவிட்டால் ஓட்டை இருப்பது காதுக்குத் தெரியாது.

இதையும் அதே சோதனைகளில் விட்டுப் பார்ப்போம். மொட்டையாக எழுதினால்: "ஒரே பலன், தாங்கும் பருவத்துக்கு முன் வந்தால் சுமை, பின் வந்தால் லாபம்." இதை மேடையில் நேராகச் சொன்னாலும் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். "மட்டுமே" இல்லை, "போதும்" இல்லை. எதிர்வரி கட்டிப் பார்த்தால் "கன்றில் காய் பலன், மரத்தில் காய் பாரம்" என்று வரும். தோப்புக்காரர் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஒரு ஆட்சேபணை வரலாம், வரட்டும். அல்போன்சா மரம் ஒரு வருஷம் கொட்டிக் காய்த்தால் அடுத்த வருஷம் ஓய்ந்துவிடும். அப்படியென்றால் வளர்ந்த மரத்துக்கும் காய் பாரம்தானே? ஓரளவுக்கு ஆமாம். ஆனால் அதற்காக யாரும் மரத்துப் பூவைக் கிள்ளுவதில்லை, விட்டு விட்டுக் காய்த்தாலும் வருமானம் வருமானம்தான். நம் பக்கம் கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா, அப்புறம் நீலம், இரண்டும் ஓரளவு வருஷா வருஷம் காய்க்கும் ரகங்கள். ஆக வரி லேசாக ஆடுகிறது, விழவில்லை. எந்த ரகத்தில் ஆடுகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மா தெரிந்தவர் ஒருவராவது கேட்பார்.

பரோட்டாக் கடைக்கு இது அப்படியே பொருந்தும். பகுதி நேர வேலைக்குப் போகும் கல்லூரி மாணவருக்கும் பொருந்தும், அங்கே நேரம்தான் ஒரே கையிருப்பு. பேச்சுப்போட்டி மாணவிக்கு? பரிசு அவளுக்குப் பாரமாக இல்லை, அதனால் இந்த வரி அவளைத் தொடாமல் போய்விடும். உங்கள் பழைய வரி அவளையும் பிடித்து இழுத்தது.

போகிற போக்கில் ஒன்று. தோப்பில் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: ஒட்டுக்கன்று ஏன் இவ்வளவு சீக்கிரம் பூக்கிறது? கொட்டை போட்டு வந்த செடி பூக்க ஏழெட்டு வருஷம்கூட ஆகும். ஒட்டுக்கன்று அடுத்த வருஷமே பூப்பதற்குக் காரணம், மேலே இருக்கும் குச்சி ஏற்கெனவே பருவத்துக்கு வந்த மரத்தின் குச்சி. செடி புதிது, குச்சியின் பருவம் பழையது. இதிலிருந்து "ஒட்டுக்கன்று பூத்தது தாய்மரத்து வயசில்" என்று ஒரு வரி கிடைக்கிறது. அப்பா முப்பது வருஷம் நடத்திய மளிகைக் கடையில் மகன் உட்கார்ந்த முதல் வருஷமே வியாபாரம் அமோகம் என்றால், அது யார் சம்பாதித்த பெயர் என்று இந்த வரி கேட்கிறது. காரணம் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. இதில் ஒரு நல்ல அடையாளமும் இருக்கிறது. வரி சரி என்றால் கொட்டைச்செடி சீக்கிரம் பூக்கக் கூடாது. அது பூப்பதும் இல்லை. புதிதாகக் கடை போட்டவருக்கும் முதல் வருஷம் அப்படி ஓடாது.

ஆனால் இந்த உவமையை இழுக்கக் கூடாத தூரம் ஒன்று உண்டு. ஒட்டு மரம் எத்தனை வருஷம் ஆனாலும் தாய்மரத்தின் காயைத்தான் காய்க்கும், ரகம் மாறாது. மகன் அப்படி இல்லை, பத்து வருஷத்தில் கடையை வேறு ஒன்றாகவே மாற்றிவிடலாம். "பூத்தது" என்று முதல் பூவோடு வரி நின்றுகொள்வதால் தப்பித்தது. "காய்ப்பது" என்று எழுதியிருந்தால், பிள்ளைகள் யாருக்கும் சொந்தச் சம்பாத்தியமே கிடையாது என்றாகி, வீட்டுக்கு வீடு சண்டைதான்.

மலரில் போடுவதற்கு முன்னால் இன்னும் ஒரு வேலை. விளக்கம் எதுவும் சொல்லாமல் இரண்டு பேரிடம் வரியைப் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் தோப்பு வைத்திருப்பவராக இருக்கட்டும், அவர் உண்மை சரியா என்று சொல்வார். இன்னொருவர் ஓசூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளையாக இருக்கட்டும். கன்று என்றதும் அந்தப் பிள்ளைக்குப் பசுங்கன்று நினைவுக்கு வந்து, காய் எங்கே வந்தது என்று விழித்தால், "மாங்கன்றில் காய் பாரம், மாமரத்தில் காய் பலன்" என்று மாற்றிவிடுங்கள். கொஞ்சம் நீளும், பரவாயில்லை. கணக்கு ஆசிரியரிடமும் காட்டுங்கள். இந்த முறை அவர் அல்போன்சாவைப் பற்றிக் கேட்டால் பதில் உங்கள் கையில் இருக்கிறது.